டியூ கட்டிய பணம் எங்கிருந்து வந்தது?

சித்தி வீட்டில் ரேஷன் கார்டும் ஆதாரும் வைக்கிற பிளாஸ்டிக் கவருக்குள் மூன்று லோன் அட்டைகளும் இருக்கின்றன. ஒன்று பச்சை, ஒன்று மஞ்சள், இன்னொன்று வெளுத்துப்போன ஆரஞ்சு. மூன்றும் வெவ்வேறு மைக்ரோ பைனான்ஸ் கம்பெனிகள் கொடுத்தவை. போன தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, "கண்ணு, நீ ஆடிட்டர் ஆபீஸ்லதானே இருக்கே, இதைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லு, எவ்வளவுதான் பாக்கின்னு எனக்கே புரியல" என்று அந்தக் கவரை என் கையில் கொடுத்தார்.

சித்தி சேலம் சிவதாபுரம் பக்கம் இருக்கிறார். வீட்டிலேயே வெள்ளிக் கொலுசு வேலை. பட்டறைக்காரர் வெள்ளியை எடை போட்டுக் கொடுப்பார். இவர் கண்ணிகளைக் கோத்துப் பற்றவைத்து, சலங்கை சேர்த்துத் திருப்பிக் கொடுப்பார். அதையும் எடை போட்டுத்தான் வாங்குவார்கள். கூலி கிலோக் கணக்கில், சனிக்கிழமை கைக்கு வரும். சித்தப்பா லீ பஜாரில் மூட்டை தூக்குகிறார். வேலை உண்டென்றால் உண்டு, இல்லையென்றால் இல்லை.

அட்டைகளைப் பார்த்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை. எல்லாக் கட்டத்திலும் கையெழுத்து, எல்லாத் தேதியும் சரி. ஒரு டியூ கூடத் தவறவில்லை. எந்தக் கம்பெனியின் கணக்கிலும் சித்தி முதல்தர வாடிக்கையாளர். மைக்ரோ பைனான்ஸ் ஏழைகளை உயர்த்துகிறது என்று சொல்பவர்கள் முதலில் எடுத்துப் போடுவது திருப்பிக் கட்டும் விகிதத்தைத்தான். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அன்று மத்தியானம் சும்மா கேட்டுவைத்த ஒரு கேள்விதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். "சித்தி, இந்த டியூ ஒவ்வொண்ணுக்கும் பணம் எங்கிருந்து வந்துச்சு?"

பதில் சொல்ல அவருக்கு ரெண்டு மணி நேரம் ஆயிற்று. அதற்கு முன்னால் முதல் லோனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது நல்ல கதை. அதை மறைத்துவிட்டு மீதியைச் சொன்னால் நியாயமாக இருக்காது.

2022-இல் சித்தப்பாவுக்குக் குடலிறக்க ஆபரேஷன். அவசரத்துக்குத் தெரிந்தவரிடம் 40,000 ரூபாய், 5 வட்டிக்கு. அதாவது நூற்றுக்கு மாதம் 5 ரூபாய். மாதா மாதம் 2,000 வட்டி மட்டும் போய்க்கொண்டே இருந்தது. அசல் அப்படியே நின்றது. 2023 தையில் பக்கத்துத் தெரு அக்கா குழு லோனுக்குப் பேர் சேர்க்கிறேன் என்று கூப்பிட்டிருக்கிறார். 40,000 லோன், 24 மாதம், மாதம் 2,115 டியூ. செயல்பாட்டுக் கட்டணம், அதற்கு ஜிஎஸ்டி, ரெண்டு பேருக்கும் இன்சூரன்ஸ் எல்லாம் பிடித்தது போகக் கைக்கு வந்தது 38,600 சொச்சம். கையிலிருந்து மீதியைப் போட்டு 5 வட்டிக் கடனை அடைத்துவிட்டார்.

இந்த ரெண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முன்பு மாதம் 2,000, இப்போது மாதம் 2,115. வீட்டுச் செலவுக்கு மிச்சமாவதில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் பழைய கடன் அப்படியே ஓடியிருந்தால் 24 மாதத்தில் 48,000 கட்டியிருப்பார், அதற்கப்புறமும் 40,000 பாக்கி நின்றிருக்கும். புதியதில் 50,760 ரூபாய் கட்டினால் கதை முடிந்தது. என்னைக் கேட்டால் மைக்ரோ பைனான்ஸ் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி இதுதான். தொழில் தொடங்க வைப்பது அல்ல, முடிவே இல்லாத கடனை முடிவுள்ள கடனாக மாற்றுவது.

இங்கே வட்டியைப் பற்றி ஒரு வார்த்தை. சேர்க்கும்போது "ஒரு ரூபாய்ச் சில்லறை வட்டிதான் அக்கா" என்றுதான் அந்தத் தம்பி சொல்லியிருக்கிறார். பொய்யில்லை, ஆனால் முழு உண்மையும் இல்லை. மொத்த வட்டி 10,760-ஐ 40,000-க்கும் 24 மாதத்துக்கும் பரப்பினால் நூற்றுக்கு மாதம் 1 ரூபாய் 12 காசு வருகிறது. ஆனால் முதல் டியூவிலிருந்தே அசல் குறைந்துகொண்டு வருகிறதே, முழு 40,000-மா ரெண்டு வருஷம் சித்தி கையில் இருந்தது? குறைகிற பாக்கிக்குக் கணக்குப் போட்டால் அது சரியாக 2 வட்டி, ஆண்டுக்கு 24 சதவீதம். அப்படியும் ஊர் வட்டியைவிட மலிவுதான். 10,000 எழுதிக்கொண்டு 9,000 கையில் கொடுத்து, தினம் நூறு வீதம் 100 நாள் வாங்குகிற தண்டல் இருக்கிறதே, அது ஆண்டுக்கு ஏறக்குறைய 78 சதவீதம் வருகிறது. நம் ஊர்க் கணக்கில் ஆறரை வட்டி.

சரி, ஆராய்ச்சி என்ன சொல்கிறது? இந்தியாவில் இதைப் பற்றி நடந்த ஆய்வுகளில் அதிகம் பேசப்படுவது ஹைதராபாத் ஆய்வு. அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ, ரேச்சல் கிளென்னர்ஸ்டர், சிந்தியா கின்னன் நால்வரும் செய்தது. ஏழைகள் வசிக்கும் 104 பகுதிகளை எடுத்து, அவற்றில் பாதியைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து, அங்கே மட்டும் ஒரு மைக்ரோ பைனான்ஸ் கம்பெனி முதலில் கிளை திறந்தது. முதல் லோன் 10,000 ரூபாய், 50 வாரத் தவணை, பெண்களுக்கு மட்டும். ஒன்றே கால், ஒன்றரை வருஷம் கழித்து ரெண்டு பக்கக் குடும்பங்களையும் ஒப்பிட்டார்கள். குடும்பத்தின் மொத்தச் செலவு, அதாவது வாழ்க்கைத் தரம், உயரவில்லை. நீடித்து உழைக்கும் பொருள்கள் வாங்குவது கூடியது. பாக்கு, புகையிலை, டீக்கடைச் செலவு மாதிரியானவை குறைந்தன. ஏற்கெனவே தொழில் நடத்தியவர்களில் லாபம் கூடியது பெரும்பாலும் உச்சியில் இருந்த சிலருக்கு மட்டும். வீட்டில் யார் முடிவெடுக்கிறார்கள் என்று பெண்களைக் கேட்டதில் மாற்றம் எதுவும் தெரியவில்லை. 2015-இல் இந்த ஆய்வோடு போஸ்னியா, எத்தியோப்பியா, மெக்சிகோ, மங்கோலியா, மொராக்கோ ஆய்வுகளையும் சேர்த்து ஒரே இதழில் வெளியிட்டார்கள். ஆறிலும் ஏறக்குறைய இதே கதைதான். கெடுதல் பெரிதாக இல்லை, ஆனால் வறுமையை விரட்டவும் இல்லை.

இதைப் படித்துவிட்டு "பார்த்தீர்களா, பிரயோஜனமே இல்லை" என்று சொல்லிவிடுவது சுலபம். எனக்கு அங்கேதான் இடிக்கிறது. 2024 நடுவில் ஒருவர் நோட்டும் கையுமாக வந்து முதல் லோனின் பலனை அளந்திருந்தால் என்ன பார்த்திருப்பார்? கடனுக்குப் போகிற பணம் முன்பும் இப்போதும் ஒன்றுதான். சாப்பாட்டுச் செலவில் மாற்றமில்லை. புதுத் தொழிலும் இல்லை. பலன் பூஜ்ஜியம் என்று எழுதிக்கொண்டு போயிருப்பார். பலன் இருந்தது கட்ட வேண்டிய அசலில். அது சத்தமில்லாமல் 40,000-த்திலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது.

ஆனால் இறங்கிக்கொண்டிருந்தது ஒரு அட்டையில் மட்டும். மற்ற ரெண்டுக்கு வருவோம்.

டியூ ஒழுங்காகக் கட்டுகிறவர் என்று ஆகிவிட்டதும் அடுத்த கம்பெனிக்காரர் தேடி வந்தார். 2023 கடைசியில் 50,000. கூரைக்கு ஆஸ்பெஸ்டாஸ் மாற்றி, சமையல்கட்டுச் சுவரை எடுத்துக் கட்டினார்கள். டியூ 2,644. அப்புறம் 2024 மார்ச்சில் மூன்றாவது, 30,000. டியூ 1,586. இந்த மூன்றாவது சித்திக்கு வாங்கியதே இல்லை. எதிர்வீட்டுப் பெண்ணுக்கு, அவர் பேரில் ஏற்கெனவே ஒரு லோன் நின்றுபோனதால், எந்தக் கம்பெனியும் தரவில்லை. "நீங்க எடுத்துக் குடுங்கக்கா, டியூ நான் கட்டிடறேன்" என்றாள். சித்தி எடுத்துக் கொடுத்தார். இப்படி அடுத்தவருக்காகத் தன் பேரில் எடுப்பது எந்தக் கம்பெனி விதியிலும் கிடையாது. ஆனால் நான் விசாரித்த தெருக்களில் எல்லோருக்கும் தெரிந்த ஏற்பாடு இது. நாலு மாதம் அந்தப் பெண் ஒழுங்காகக் கட்டினாள். ஆகஸ்டில் குடும்பத்தோடு திருப்பூர் போய்விட்டாள். போன் சுவிட்ச் ஆஃப்.

ஆக மாதம் மொத்தம் 6,345 ரூபாய். இதை எப்படி அனுமதித்தார்கள் என்று கேட்பீர்கள். விதிப்படிதான் அனுமதித்திருக்கிறார்கள். 2022 ஏப்ரலிலிருந்து நடப்பில் இருக்கிற ரிசர்வ் வங்கி விதி, ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்கு உட்பட்ட குடும்பத்துக்கு ஈடில்லாமல் கொடுக்கும் கடன் எதுவானாலும் மைக்ரோ பைனான்ஸ் கடன் என்கிறது. குடும்பத்தின் எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்றும் சொல்கிறது. சித்தி வீட்டில் ஆர்டர் இருக்கிற எட்டு மாதம் ரெண்டு பேர் கூலியும் சேர்ந்து சுமார் 17,000 வரும். மந்தமான நாலு மாதம் 9,500 வந்தால் அதிகம். வருஷத்துக்கு 1,74,000, பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 14,500, அதில் பாதி 7,250. டியூ 6,345. தாராளமாக உள்ளே அடங்குகிறது.

ஆனால் 14,500 ரூபாய் வருகிற மாதம் என்று ஒன்று அந்த வீட்டில் கிடையாது. 17,000 வருகிற மாதம் உண்டு, 9,500 வருகிற மாதம் உண்டு. 9,500 வரும் மாதத்தில் 6,345 போனால் மிச்சம் 3,155. அதில் அரிசி, கேஸ், கரண்ட் பில், பையனின் பஸ் காசு. வருஷக் கணக்கில் சராசரி பேசுகிறது. வயிறு மாதக் கணக்கில் பேசுகிறது. கடன் தகவல் நிறுவனத்தின் பட்டியலில் தண்டலும் கைமாற்றும் தெரிவதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பாதி என்ற அந்தக் கோடு பாதியைத்தான் பார்க்கிறது.

2024 மோசமான வருஷமும்கூட. வெள்ளி கிலோ லட்சத்தைத் தொட்டது. விலை ஏறினால் கொலுசு செய்கிறவருக்கு நல்லதுதானே என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். கூலிக்காரருக்கு நேர் எதிர். வியாபாரி சரக்கை எடுக்கத் தயங்குவார், பட்டறைக்காரரால் அதே முதலுக்குக் குறைந்த வெள்ளிதான் வாங்க முடியும், கிலோக் கணக்கில் கூலி வாங்குகிறவருக்குக் கிலோவே குறைந்துவிடும். அதோடு ஆடி. சேலத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கோட்டை மாரியம்மன் பண்டிகைக்கு மகளும் மாப்பிள்ளையும் வீட்டுக்கு வராமல் இருப்பார்களா? வரவு குறைகிற மாதத்தில்தான் செலவு கூடுகிறது.

இப்போது என் கேள்விக்குச் சித்தி சொன்ன பதில். 2024 ஏப்ரல் முதல் டிசம்பர் வரை ஒன்பது மாதம், மாதம் மூன்று, ஆக 27 டியூ. ஒவ்வொன்றாக நினைவுபடுத்திப் பென்சிலால் குறித்தோம். பதினொன்று கொலுசுக் கூலி. ஐந்து சித்தப்பாவின் கூலி. நாலு எதிர்வீட்டுப் பெண் கட்டியது. மூன்று கைமாற்று, அதில் ஒன்று என் அம்மாவிடம் வாங்கியது. அம்மா அதை என்னிடம் சொன்னதே இல்லை. ரெண்டு, கம்மலை அடகு வைத்த பணம். கடைசி ரெண்டு, மார்கழியில் வாங்கிய 10,000 ரூபாய்த் தண்டல்.

கம்பெனிகளின் கணக்கில் 27-க்கு 27. வீட்டுக் கணக்கில் உழைத்துக் கட்டியது 16, எதிர்வீட்டுப் பெண் கட்டியது 4, கடன் வாங்கிக் கட்டியது 7. முதல் லோன் எந்த மாதிரிக் கடனை ஒழித்ததோ, மூன்றாவது லோன் அதே மாதிரிக் கடனை வீட்டுக்குள் கூட்டிவந்துவிட்டது. திருப்பிக் கட்டும் விகிதத்தை வைத்து இதைக் கண்டுபிடிக்கவே முடியாது. டியூ நிற்கிற வரைக்கும் எந்த அதிகாரி கண்ணிலும் படாது. அது நிற்கும்போது வீட்டில் அடகு வைக்க ஒன்றும் மிச்சம் இருக்காது. மைக்ரோ பைனான்ஸை மதிப்பிட ஒரே ஒரு கேள்விதான் கேட்கலாம் என்றால் நான் இதைத்தான் கேட்பேன்: இந்த டியூ கூலியிலிருந்து வந்ததா, இன்னொரு கடனிலிருந்து வந்ததா? இன்னும் சில அறிகுறிகளும் உண்டு. கம்மல் காதில் இருக்கிறதா, ரெண்டாவது லோன் கைக்கு வந்த வாரத்திலேயே முதல் லோனின் டியூ கட்டப்பட்டிருக்கிறதா, எல்லா டியூவும் கடைசி நாள் கடைசி மணி நேரத்திலேயே போயிருக்கிறதா.

பெண்கள் முன்னேற்றம் என்ற பக்கத்தை நான் ஒதுக்கவில்லை. அதில்தான் எனக்கே குழப்பம் அதிகம்.

இருபது வருஷத்துக்கு முன்னால் சித்தி பேங்க் வாசலை மிதித்ததில்லை. இன்று கிளை மேலாளரிடம் நின்று பேசுகிறார், எஸ்எம்எஸ் படிக்கிறார், தன் பேரில் கணக்கு வைத்திருக்கிறார். இதையெல்லாம் கற்றுக்கொடுத்தது இந்தக் கம்பெனிகள் அல்ல, மகளிர் சுய உதவிக் குழு. பக்கத்துத் தருமபுரியில் 1989-இல் அரசு தொடங்கிய பெண்கள் மேம்பாட்டுத் திட்டம், கொஞ்ச நாளில் சேலத்துக்கும் வந்தது. சுய உதவிக் குழுவும் கம்பெனிக் குழுவும் ஒன்று என்றுதான் பலரும் நினைக்கிறார்கள், ரெண்டுக்கும் பேச்சு வழக்கில் "குழு" என்றே பெயர். ஆனால் சுய உதவிக் குழுவில் முதலில் சேமிப்பு, அப்புறம்தான் கடன். உள்கடனின் வட்டி குழுவுக்கே திரும்பி வரும். யாருக்கு முதலில் கொடுப்பது என்று பெண்களே உட்கார்ந்து சண்டை போட்டு முடிவு செய்வார்கள். கம்பெனிக் குழுவில் அந்தச் சண்டைக்கு இடமில்லை. நாலு பேர் ஒருவருக்கொருவர் ஜாமீன், அவ்வளவுதான். 2015-இல் உலகம் முழுவதும் நடந்த சுய உதவிக் குழு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், பெண்களின் பொருளாதார, சமூக, அரசியல் நிலையில் நல்ல மாற்றம் இருப்பதாகச் சொன்னார்கள். மனநிலை சார்ந்த தன்னம்பிக்கையில் மட்டும் அப்படி ஒரு பலன் தெரியவில்லை. பீகாரில் நடந்த ஒரு ஆய்வு, குழுக்கள் வந்தபின் ஊர் வட்டிக்காரர்களின் வட்டியே இறங்கியது என்றது. ஹைதராபாத்தில் தெரியாத மாற்றம் இங்கே தெரிவதற்குக் காரணம் பணம் மட்டும் அல்ல, கூட்டம் என்பது என் எண்ணம்.

முடிவெடுக்கும் உரிமையை ஆய்வாளர்கள் எப்படி அளக்கிறார்கள்? லோனை எதற்குச் செலவழிப்பது என்று யார் முடிவு செய்தார்கள் என்று கேட்பார்கள். வங்கதேசத்தில் ஆன் மேரி கோட்ஸும் ரினா சென் குப்தாவும் 1990-களில் இதைத்தான் துருவினார்கள். பெண்கள் பேரில் வாங்கிய கடனில் பெரும்பகுதி அவர்கள் கட்டுப்பாட்டில் முழுமையாக இல்லை என்று கண்டார்கள். நானும் சித்தியிடம் கேட்டேன். முதல் லோன்? "ரெண்டு பேரும் பேசித்தான்." ரெண்டாவது, கூரை? "உங்க சித்தப்பாதான்." மூன்றாவது? கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அது நானாத்தான் முடிவு பண்ணேன் கண்ணு. அவருக்குத் தெரியவே தெரியாது" என்றார்.

கேள்வித்தாளில் மூன்றாவது லோனுக்குத்தான் முழு மதிப்பெண் விழும். யாரையும் கேட்காமல், தன் பேரில், தன் தீர்மானத்தில் ஒரு பெண் இன்னொரு பெண்ணுக்கு உதவியது. குடும்பத்தைக் கவிழ்த்ததும் அதுதான். சித்தப்பாவுக்குத் தெரியக் கூடாது என்பதால்தான் கம்மல் அடகுக்குப் போனது, தண்டல் வந்தது. உரிமையும் மன உளைச்சலும் தராசின் ரெண்டு தட்டு என்று எழுதுகிறோம். சித்தி வீட்டில் ரெண்டும் ஒரே தட்டில்தான் கிடந்தன.

உளைச்சல் எப்படி இருக்கும் என்று கேட்டால், பெரிய சம்பவம் எதுவும் இல்லை. வசூலுக்கு வருகிற தம்பி நல்லவர்தான், அவருக்கும் மேலே டார்கெட். மீட்டிங்கில் ஒருத்தி பணம் கொண்டுவரவில்லை என்றால் மற்றவர்கள் எழுந்து போக முடியாது. அடுப்பில் வைத்துவிட்டு வந்தவர், பட்டறைக்குப் போக வேண்டியவர், எல்லோரும் அவளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். யாரும் திட்டுவதில்லை. அந்தப் பார்வை போதும். ஒரு மாதம் தம்பி ராத்திரி ஏழரை மணிக்கு வந்து திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். மாலை 6 மணிக்கு மேல் வசூலுக்காகப் போன் செய்வதைக்கூட ரிசர்வ் வங்கி விதி முறையற்றது என்கிறது. சித்திக்கு அது தெரியாது. தெரிந்திருந்தாலும், "போப்பா, நேரம் ஆச்சு" என்று சொல்லியிருப்பாரா என்ன? சித்தப்பா வருவதற்குள் அனுப்பிவைக்க வேண்டும் என்பதுதான் கவலை. ஏன் பெண்களுக்கே கொடுக்கிறார்கள் என்று கேட்டதற்குச் சித்தி சொன்னது: "ஆம்பளை ஊரை விட்டு ஓடிருவான். நாங்க எங்க போவோம்?"

உளைச்சலைக் குறைக்க வழியே இல்லை என்றும் இல்லை. கொல்கத்தாவில் எரிகா ஃபீல்டும் ரோஹிணி பாண்டேயும் சகாக்களும் ஒரு சின்ன விஷயத்தைச் சோதித்தார்கள். ஒரே லோன், ஒரே வட்டி. சிலருக்கு வாரத் தவணை, சிலருக்கு மாதத் தவணை. கடனை நினைத்துக் கவலையும் பதற்றமும் இருப்பதாகச் சொன்னவர்கள், வாரத் தவணைக்காரர்களோடு ஒப்பிட்டால் மாதத் தவணைக்காரர்களில் பாதிக்கும் கீழே. வட்டியில் ஒரு பைசா குறைக்கவில்லை, தேதியை மட்டும் மாற்றியதற்கு இந்த வித்தியாசம். இன்னொரு சோதனையில் முதல் தவணைக்கு ரெண்டு மாதம் அவகாசம் கொடுத்தார்கள். தொழிலில் அதிகம் போட்டார்கள், பின்னால் லாபமும் கூடியது. ஆனால் கட்டாமல் விட்டவர்களும் கூடினார்கள். கம்பெனிகள் ஏன் தேதியை இளக்க மறுக்கின்றன என்பதற்கு இதுதான் பதில், அதைப் பேராசை என்று மட்டும் சொல்ல முடியாது.

ஏற்காட்டில் எஸ்டேட் வேலைக்குப் போகிற எங்கள் உறவுக்காரப் பெண் ஒருத்தி இதையே வேறு மாதிரி சொன்னாள். காபிப் பழம் பறிக்கிற கார்த்திகை முதல் மாசி வரை கையில் காசு புரளும். அந்த நாலு மாதத்தில் வருஷத்து டியூவில் பாதியைக் கட்டிவிடத் தயார், மழை மாதங்களில் விட்டுவிடுங்கள் என்கிறாள். கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் வாங்குகிறவர் அறுவடைக்கு அப்புறம்தானே கட்டுகிறார்? நிலம் இருப்பவருக்குப் பருவம் உண்டு, நிலத்தில் வேலை செய்கிறவருக்குப் பருவம் கிடையாது என்றால் எப்படி?

இதெல்லாம் வேண்டாம், மூடிவிடலாம் என்று கோபத்தில் சொல்பவர்களுக்கு ஒரு தகவல். 2010 அக்டோபரில் ஆந்திராவில் கடன் தொல்லையில் தற்கொலைகள் என்று செய்திகள் வந்தபின் அரசு அவசரச் சட்டம் போட்டது. வசூல் ஏறக்குறைய நின்றது. அங்கே நஷ்டப்பட்ட கம்பெனிகள் மற்ற மாநிலங்களிலும் கடன் கொடுப்பதைச் சுருக்கின. அப்படிக் கடன் சுருங்கிய மற்ற மாநில மாவட்டங்களை எமிலி பிரேசாவும் சிந்தியா கின்னனும் ஆராய்ந்தபோது, தினக்கூலி குறைந்திருந்தது, குடும்பச் செலவும் குறைந்திருந்தது. கடனே வாங்காத கூலிக்காரரையும் அது தொட்டிருக்கிறது. லோன் வாங்கிய பட்டறைக்காரர்தானே சித்தப்பா மாதிரி ஒருவருக்கு வேலை தருகிறார்.

அதனால் எனக்கு வேண்டியது குறைந்த கடன் அல்ல, முதல் லோன் மாதிரியான கடன். மூன்றாவது லோனைத் தடுப்பதற்கு இப்போது துறைக்குள்ளேயே ஒரு வரம்பு போட்டிருக்கிறார்கள்: ஒருவருக்கு மூன்று கம்பெனிகளுக்கு மேல் கூடாது, மொத்தம் 2 லட்சத்துக்கு மேல் கூடாது. சித்தியின் கணக்கு மூன்று கம்பெனி, எழுதிக்கொண்ட மொத்தம் 1,20,000. இந்த வரம்பும் அவரைத் தடுத்திருக்காது.

சித்தியைக் கூட்டிக்கொண்டு ரெண்டாவது கம்பெனியின் கிளைக்குப் போனேன். வாரமா, இரு வாரமா, மாதமா என்று தவணைக் காலத்தைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு வாடிக்கையாளருக்குக் கொடுக்கப்பட வேண்டும் என்று விதி இருக்கிறதே, டியூ தேதியையாவது சனிக்கிழமைக் கூலிக்கு அடுத்த திங்களாக மாற்றித் தரக் கூடாதா என்று கேட்டேன். "சிஸ்டத்துல வராதுங்க மேடம்" என்றார்கள். எழுதிக் கொடுத்துவிட்டு வந்தோம். அந்தக் கடிதத்துக்கு இன்னும் பதில் இல்லை.

தண்டலை அம்மாவும் நானும் சேர்ந்து அடைத்தோம். முதல் லோன் முடிந்தது. முடிந்த மறுவாரமே சித்தியின் போனுக்கு ஒரு எஸ்எம்எஸ்: நீங்கள் 80,000 ரூபாய் வரை பெறத் தகுதி உடையவர். அதை என்னிடம் காட்டிவிட்டுச் சிரித்தார். அழிக்கவில்லை, வைத்திருக்கிறார். அது தப்பா சரியா என்று நான் சொல்லவில்லை. மகளுக்கு ரெண்டாவது பிரசவம் வருகிறது.

சித்தப்பாவுக்கு எல்லாம் தெரியும் இப்போது. ரெண்டு நாள் பேசவில்லை, மூன்றாம் நாள் மஞ்சள் அட்டையின் டியூவை அவரே கொண்டுபோய்க் கட்டினார்.

போன வாரம் போயிருந்தேன். ஆரஞ்சு அட்டையின் பின்பக்கத்தைக் காட்டினார். அன்று நான் பென்சிலால் குறித்ததற்குக் கீழே, அவரே தொடர்ந்து எழுதிக்கொண்டு வருகிறார். பணம் எங்கிருந்து வந்தது என்று ஒவ்வொரு டியூவுக்கும் ஒரு வார்த்தை. கொலுசு. கொலுசு. மூட்டை. கைமாத்து. கொலுசு.